மேசையிலிருந்து நழுவும் சங்கிலி: 4.2ஆ, 3.3ஆ, 2.8ஆ?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில பிளஸ் ஒன் படிக்கிறேங்க. 1.2 மீட்டர் சங்கிலி வழவழப்பான மேசை மேல நேரா கிடக்கு, அதுல 30 செ.மீ. விளிம்புக்கு வெளியே தொங்குது. கையை விட்டா, கடைசிக் கண்ணி மேசையை விட்டுப் போறப்ப வேகம் என்ன? எனக்கு 4.2 வருது. டியூஷன் சார் 3.3ங்கிறார். சித்தூர் காலேஜ்ல படிக்கிற அக்கா உந்தத்தை வெச்சுப் போட்டா 2.8ங்கிறா. வீட்டு மேசையில மாட்டுச் சங்கிலியை வெச்சுப் பார்த்தா முதல்ல நகரவே இல்லை, தள்ளி விட்டா தாறுமாறா போகுது. எது சரிங்க?

தம்பி, உங்கள் சார் சொன்ன 3.3 தான் இந்தக் கணக்குக்கு விடை. துல்லியமாக 3.32 மீட்டர்/வினாடி. உங்களுடைய 4.2 தவறு. அக்காவின் 2.8 தவறான கணக்கு இல்லை, ஆனால் அது வேறொரு சங்கிலிக்கு உரிய விடை. வீட்டில் நீங்கள் பார்த்தது இந்த மூன்றிலும் சேராது, அதற்கும் காரணம் உண்டு. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது: இந்த நொடியில் எவ்வளவு நிறை அசைகிறது, அதை இழுப்பது எது?

நேராகக் கிடக்கும் சங்கிலியில் எல்லாக் கண்ணிகளும் ஒன்றாகவே நகர்கின்றன. தொங்கும் கண்ணி ஒரு சென்டிமீட்டர் இறங்கினால், மேசையின் உள்பக்கக் கடைசிக் கண்ணியும் ஒரு சென்டிமீட்டர் முன்னால் வரவேண்டும். ஆகவே அசையும் நிறை எப்போதும் முழுச் சங்கிலியின் நிறை, அது மாறுவதே இல்லை. மாறுவது இழுக்கும் விசை மட்டும். மேசை மேல் கிடக்கும் பகுதியின் எடையை மேசை தாங்கிக்கொள்கிறது. மிச்சம் இருப்பது தொங்கும் பகுதியின் எடைதான். தொங்கும் நீளம் x, முழு நீளம் L என்றால் முடுக்கம்

a = g x / L

மீட்டருக்கு இத்தனை கிலோ என்ற நீள அடர்த்தி இரண்டு பக்கமும் வந்து அடிபட்டுப் போகும். மாட்டுச் சங்கிலி ஆனாலும் கழுத்துச் சங்கிலி ஆனாலும் விடை ஒன்றே. உங்கள் எண்களைப் போட்டால் (g = 9.8) தொடக்கத்தில் முடுக்கம் 2.45, பாதி தொங்கும்போது 4.9, முழுவதும் வெளியே வரும் தருணத்தில் 9.8. நீங்கள் தொடக்கத்திலிருந்தே 9.8 என்று வைத்து 90 செ.மீ. தூரத்துக்கு v² = 2 × 9.8 × 0.9 போட்டிருப்பீர்கள், அதுதான் 4.2. அப்படிப் போட்டால் தொங்கும் பகுதி தனியாக அறுந்து விழுவதாக ஆகிவிடுகிறது. மேசை மேல் கிடக்கும் 90 செ.மீ. சங்கிலியையும் அதுதான் இழுத்துக்கொண்டு போகவேண்டும் என்பது கணக்கில் வரவில்லை.

முடுக்கம் மாறிக்கொண்டே இருப்பதால் v = u + at போன்ற வாய்பாடுகளை அப்படியே போட முடியாது. நேரத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, முடுக்கத்தை a = v dv/dx என்று எழுதுங்கள். v dv = (g/L) x dx என்று வரும். தொடக்கத்தில் தொங்கும் நீளம் x₀ என்று வைத்து, இடப்பக்கம் 0 முதல் v வரையும், வலப்பக்கம் x₀ முதல் x வரையும் தொகையிட்டால்

v² = (g/L)(x² − x₀²)

L = 1.2, x₀ = 0.3, x = 1.2 போட்டால் v² = 8.167 × 1.35 = 11.025, v = 3.32. தொகையீடு இன்னும் கைவரவில்லை என்றால் இங்கே ஒரு குறுக்கு வழி சரியாகவே வேலை செய்யும். முடுக்கம் தூரத்தோடு நேர்கோட்டில் ஏறுகிறது. அதனால் முதல் முடுக்கம் 2.45, கடைசி முடுக்கம் 9.8, இவற்றின் சராசரி 6.125ஐ எடுத்து v² = 2 × 6.125 × 0.9 என்று போடலாம். அதே 11.025 வரும். இந்தச் சராசரி தூரத்தின் மேல் எடுத்தது என்பதை மறக்கக் கூடாது. இதே 6.125ஐ v = at யில் போட்டால் நேரம் 0.54 வினாடி என்று வரும், அது தவறு.

சரியான நேரம் 0.72 வினாடி. அதற்கு t = √(L/g) × cosh⁻¹(x/x₀) என்ற வாய்பாடு வேண்டும். பிளஸ் ஒன்னில் இதைக் கேட்கமாட்டார்கள், ஆனாலும் ஒரு விஷயத்துக்காகச் சொல்கிறேன். தொங்கும் நீளம் 30 செ.மீ.யிலிருந்து 60 ஆக 0.46 வினாடி ஆகிறது. மீதி 60 செ.மீ.யும் 0.26 வினாடியில் போய்விடுகிறது. தொடக்கம் மந்தமாகவும் முடிவு பாய்ச்சலாகவும் இருப்பதுதான் இந்த இயக்கத்தின் குணம். x₀ பூஜ்யம் என்று வைத்தால் சங்கிலி நகரவே நகராது, இழுக்க ஒன்றுமே தொங்கவில்லையே. 'மிகச் சிறு நீளம் தொங்குகிறது' என்று கேள்வித்தாளில் இருந்தால் வேகத்துக்கு மட்டும் x₀ = 0 போட்டுக்கொள்ளுங்கள், நேரத்துக்குப் போடாதீர்கள்.

விடையைச் சரிபார்க்க ஆற்றலை எண்ணிப் பாருங்கள். மீட்டருக்கு ஒரு கிலோ என்று வைத்துக்கொள்வோம். கீழே தொங்கிய 30 செ.மீ. துண்டு 90 செ.மீ. இறங்குகிறது: 0.3 × 9.8 × 0.9 = 2.646 ஜூல். மேசை மேல் கிடந்த 90 செ.மீ. துண்டு முடிவில் விளிம்புக்குக் கீழே 0 முதல் 90 செ.மீ. வரை பரவி நிற்கிறது, ஆகவே அதன் ஈர்ப்பு மையம் 45 செ.மீ. தான் இறங்குகிறது: 0.9 × 9.8 × 0.45 = 3.969 ஜூல். இரண்டும் சேர்ந்து 6.615 ஜூல். இதை ½ × 1.2 × v² க்குச் சமப்படுத்தினால் மறுபடியும் 11.025. இந்த வழியில் மாணவர்கள் வழக்கமாகச் சறுக்குவது இரண்டாம் துண்டில். அதையும் 90 செ.மீ. இறங்கியதாகப் போட்டுவிடுவார்கள், அப்போது விடை 4.2 ஆகிவிடும். வேறு வழியில் போனாலும் உங்கள் பழைய தவறான எண்ணுக்கே அது கொண்டுபோய்ச் சேர்க்கும். இரண்டு வழியில் போட்டேன், ஒரே விடை வந்தது, அதனால் சரி என்று நம்பிவிடாதீர்கள்.

அக்காவின் 2.8க்கு வருவோம். அவர் தொங்கும் பகுதியின் உந்தத்தை மட்டும் எடுத்து, அது மாறும் வீதம் தொங்கும் எடைக்குச் சமம் என்று வைத்திருக்கிறார். அப்படி வைத்தால் v² = 2g(x³ − x₀³)/(3x²), நம் எண்களுக்கு 7.72, வேகம் 2.78. சங்கிலி விளிம்போரம் குவியலாகக் கிடந்து, ஒவ்வொரு கண்ணியாக ஓய்விலிருந்து எழுந்து போகும்போது இது பொருந்தும். அங்கே அசையும் நிறை உண்மையிலேயே கூடிக்கொண்டே போகிறது. அசையாத கண்ணி ஓடுகிற கண்ணியால் வெடுக்கென்று இழுபடும்போது ஆற்றல் கொஞ்சம் வெப்பமாகவும் ஒலியாகவும் போகிறது. நம் எண்களில் அந்த இழப்பு சரியாக 30 சதவீதம். நேராகக் கிடக்கும் சங்கிலியில் விளிம்பைத் தாண்டும் கண்ணி ஏற்கெனவே v வேகத்தில்தான் வருகிறது, அங்கே வெடுக்கென்ற இழுப்பு இல்லை. அதனால் நுழைவுத் தேர்வுக் கேள்வியில் சங்கிலி நீட்டிக் கிடக்கிறதா, குவிந்து கிடக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். அதுதான் எந்த வாய்பாடு என்று தீர்மானிக்கும்.

நீட்டிய சங்கிலியின் விடையில் சந்தேகம் இல்லை. குவியலின் விடை அவ்வளவு உறுதியானதல்ல. குவியல் கணக்கை ஆர்தர் கேலி 1857இல் எழுதினார். நிறை தொடர்ந்து வந்து சேரும் இயக்கங்களுக்கு அது முன்மாதிரியானது, பாடநூல்களும் அந்த வழியில்தான் போகின்றன. அதில் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது: குவியலில் கிடக்கும் கண்ணி எழும்போது தரை அதற்கு எந்த உதவியும் செய்வதில்லை என்பது. 2013இல் ஸ்டீவ் மோல்ட் ஒரு பாத்திரத்திலிருந்து மணிச் சங்கிலி பாத்திர விளிம்புக்கு மேலே வளைந்து எழும்பி ஓடுவதைக் காணொளியில் காட்டினார். 2014இல் கேம்பிரிட்ஜின் ஜான் பிகின்ஸ், மார்க் வார்னர் இருவரும் அதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள்: விறைப்பான கண்ணியின் ஒரு முனை தூக்கப்படும்போது மறுமுனை அடித்தளத்தை அழுத்துகிறது, அடித்தளம் திருப்பி உந்துகிறது. அந்த உந்தல் இருக்கும் வரை இழப்பு 30 சதவீதத்தை விடக் குறையும். ஆக, உராய்வை ஒதுக்கினால் குவியல் சங்கிலியின் வேகம் 2.78க்கும் 3.32க்கும் இடையில் எங்கோ இருக்கும். எங்கே என்பது கண்ணியின் வடிவத்தையும் விறைப்பையும் பொறுத்தது. தேர்வில் 2.78 எழுதுங்கள்.

உங்கள் வீட்டு மேசைக்கு வருவோம். 30 செ.மீ. தொங்கியும் சங்கிலி நகராததற்கு உராய்வு காரணம். உராய்வுக் கெழு μ என்றால் மேசை மேல் கிடக்கும் பகுதி, நீள அடர்த்தியால் பெருக்கிய μg(L − x) அளவில் எதிர்க்கிறது. தொங்கும் நீளம் μL/(1 + μ) ஐத் தாண்டினால்தான் சங்கிலி தானாகக் கிளம்பும். இரும்புக்கும் சன்மைக்கா மேசைக்கும் μ சுமார் 0.25 என்று வைத்துப் பார்த்தால் இந்த எல்லை 24 செ.மீ. அப்படியானால் உங்கள் 30 செ.மீ. கிளம்பியிருக்க வேண்டும், வேகமும்

v² = (g/L)[(1 + μ)(x² − x₀²) − 2μL(x − x₀)]

என்ற வாய்பாட்டின்படி 3.06 ஆக வந்திருக்க வேண்டும். பல புத்தகங்கள் இதோடு நிறுத்திவிடும். விடுபட்டது மேசையின் விளிம்பு.

சங்கிலி விளிம்பில் 90 பாகை திரும்புகிறது. கிணற்றுக் கயிற்றைத் தூணில் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு ஆளே வாளியைப் பிடித்து நிறுத்திவிடலாம், பார்த்திருப்பீர்கள். விளிம்பில் நடப்பது அதன் கால் சுற்று. தொங்கும் பக்கத்தின் இழுவிசை மேசைப் பக்கத்து இழுவிசையை விட e^(μπ/2) மடங்கு கூடுதலாக இருந்தால்தான் சங்கிலி அசையும். μ = 0.25க்கு இது 1.48. இதைச் சேர்த்துப் போட்டால் கிளம்பும் எல்லை 24இலிருந்து 32 செ.மீ.க்கு மேலே ஏறிவிடுகிறது. உங்கள் 30 செ.மீ. நகராமல் நின்றது இதனால் தான். விளிம்பை உருட்டி மழுக்கினால் இது குறையும் என்று நினைக்கவேண்டாம். கணக்கில் வருவது திரும்பும் கோணம் மட்டும், வளைவின் ஆரம் வருவதில்லை. வழவழப்பாக்கினால் மட்டுமே குறையும்.

இதே காரணத்தால், கிளம்பும் நீளத்தை அளந்து அதிலிருந்து μ கண்டுபிடிக்கும் பிரபலமான பள்ளிச் சோதனை எப்போதும் கூடுதலான எண்ணையே தருகிறது. 32.4 செ.மீ.யில் கிளம்பியது என்று வைத்து விளிம்பை மறந்து கணக்குப் போட்டால் μ = 0.37 என்று வரும், உண்மையில் 0.25. விளிம்பு குறுக்கிடாத வழி எளிது. அதே சன்மைக்கா ஒட்டிய பலகை மேல் சங்கிலியை முழுவதும் படுக்க வைத்து, ஒரு பக்கத்தை மெல்லத் தூக்குங்கள். நழுவும் கோணத்தின் tan மதிப்பு μ. 0.25 என்றால் சுமார் 14 பாகை. பலகையை விரலால் லேசாகத் தட்டிக்கொண்டே தூக்கினால் ஓடும்போது உள்ள μ கிடைக்கும், அது கிளம்பும்போது உள்ளதை விடச் சற்றுக் குறைவு. வேகக் கணக்குக்கு வேண்டியது இந்தக் குறைந்த எண்.

'தாறுமாறாகப் போகுது' என்று நீங்கள் எழுதியதில் இரண்டு காரணங்கள் கலந்திருக்கின்றன. முதலாவது மேசையின் உயரம். சாதாரண மேசை 75 செ.மீ. தான். 1.2 மீட்டர் சங்கிலியின் நுனி பாதி வழியிலேயே தரையைத் தொட்டுவிடும். அதன்பின் தரையில் கிடக்கும் பகுதி இழுப்பதில்லை, தொங்கும் நீளம் 75க்கு மேல் கூடுவதும் இல்லை. அங்கிருந்து வாய்பாடு செல்லாது. உராய்வே இல்லாவிட்டாலும் நுனி தரையைத் தொடும்போது வேகம் 1.96 தான் இருக்கும்.

இரண்டாவது காரணம் நுட்பமானது, இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் அதுதான். மேசை மேல் கிடைமட்டமாக ஓடிவரும் கண்ணி, விளிம்பில் தன் கிடைமட்ட வேகத்தை முழுவதும் விட்டுவிட்டுக் கீழே திரும்பவேண்டும். அதை உள்நோக்கிப் பிடித்து இழுப்பது மேசைப் பக்கத்துச் சங்கிலியின் இழுவிசை ஒன்றுதான். மேசை விளிம்பால் வெளியே தள்ள மட்டுமே முடியும், உள்ளே இழுக்க முடியாது. திருப்பத் தேவையான விசை λv² (λ என்பது நீள அடர்த்தி). கிடைக்கும் இழுவிசை λgx(L − x)/L. தொடக்கத்தில் இழுவிசை தாராளமாக இருக்கிறது. போகப்போக வேகம் ஏறுகிறது, மேசை மேல் மீதி நீளம் குறைவதால் இழுவிசை இறங்குகிறது. இரண்டும் சமமாகும் இடம்

x = [L + √(L² + 8x₀²)] / 4

உங்கள் எண்களுக்கு இது 66.7 செ.மீ., வேகம் 1.70. இந்த இடத்தைத் தாண்டியதும் சங்கிலி விளிம்பை அழுத்துவதை விட்டுவிட்டு வெளிப்பக்கமாக வில்போல் வளைந்து பறக்கத் தொடங்கும். நீங்கள் பார்த்த தாறுமாறில் பெரும்பகுதி இதுதான். அப்போது ஆற்றல் எங்கும் தொலைந்துபோவதில்லை, ஆனால் ஒரு பங்கு பக்கவாட்டு வேகமாகப் போகிறது, எல்லாக் கண்ணிகளும் ஒரே வேகத்தில் ஓடுவதும் நின்றுவிடுகிறது. ஆக, 3.32 என்ற விடைக்குள் ஒரு நிபந்தனை சொல்லாமலே இருக்கிறது: சங்கிலியைக் கடைசிவரை கீழ்நோக்கியே திருப்பி அனுப்பும் வளைவான வழி ஒன்று விளிம்பில் இருக்கவேண்டும். வெறும் விளிம்பில் அந்த எளிய வாய்பாடு உராய்வே இல்லாவிட்டாலும் சங்கிலியில் பாதிக்குச் சற்று மேல் தொங்கும்வரைதான் உண்மை. உராய்வு இருந்தால் இந்த இடம் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகும்.

மறுபடி செய்து பார்க்க நினைத்தால் 60 செ.மீ. சங்கிலி எடுங்கள். 75 செ.மீ. மேசையில் தரை தொடாமல் முடிந்துவிடும். மாட்டுச் சங்கிலியின் கண்ணிகள் இதற்கு மிகவும் நீளம். அவ்வளவு நீளமான கண்ணி விளிம்பில் வழுக்காமல் தட்டித் தட்டிப் போகும், ஒவ்வொரு தட்டலிலும் வேகம் போகும். கை கழுவும் தொட்டியின் அடைப்பானில் கட்டியிருக்கும் மணிச் சங்கிலி, அல்லது நாய்க்குட்டிக்குக் கட்டும் சிறு கண்ணிச் சங்கிலி போதும், ஹார்டுவேர் கடையில் அளந்து வெட்டித் தருவார்கள். மேசையிலும் விளிம்பிலும் கேரம் பவுடர் தூவித் துடைத்துவிடுங்கள். விடுவதற்கு முன் உள்பக்க முனையைப் பிடித்துச் சங்கிலியை விறைப்பாக இழுத்து வையுங்கள். கண்ணிகளுக்கு இடையே தளர்ச்சி இருந்தால் ஓட்டத்தின் முதல் பகுதி அக்காவின் குவியல் கணக்குப்போல் வெடுக் வெடுக்கென்று போகும், வேகம் குறைவாகவே வரும். தொங்கும் நீளம் 20 செ.மீ. வையுங்கள், 15இல் கிளம்பாமல் போகலாம். தள்ளி விடாதீர்கள், தள்ளினால் தொடக்க வேகம் பூஜ்யம் இல்லாமல் போய் எல்லா எண்ணும் கெட்டுவிடும். முனையை விரலால் அழுத்திப் பிடித்துப் பட்டென்று விரலை மேலே எடுங்கள்.

மேசை ஓரமாக ஒரு அளவு நாடாவை ஒட்டி, போனில் வினாடிக்கு 240 படங்கள் எடுக்கும் மெதுவோட்டத்தில் பதிவு செய்யுங்கள். கடைசி நேரத்தில் சங்கிலி ஒரு படத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் நகரும், ஆகவே ஒவ்வொரு இடத்திலும் முன்னும் பின்னும் இரண்டிரண்டு படங்களை எடுத்து வேகத்தைக் கணக்கிடுங்கள். தொங்கும் நுனியைப் பார்க்காமல் மேசை மேல் உள்ள கடைசிக் கண்ணியை அளக்கவேண்டும். நுனி ஆடும், கடைசிக் கண்ணி நேர்கோட்டில் வரும். பிறகு v²/(x − x₀) ஐ y அச்சிலும், x ஐ x அச்சிலும் வைத்து வரையுங்கள். மேலே உள்ள உராய்வு வாய்பாட்டின்படி அது நேர்கோடு, அதன் சாய்வு g(1 + μ)/L. 60 செ.மீ. சங்கிலிக்கு உராய்வே இல்லாவிட்டால் சாய்வு 16.3 வரும், μ = 0.25 என்றால் 20.4. பலகையைத் தூக்கி அளந்த μ இதோடு ஒத்துவராவிட்டால் விளிம்பின் உராய்வு உள்ளே வந்திருக்கிறது, விளிம்பில் இன்னும் கொஞ்சம் பவுடர் போட்டு மறுபடி எடுங்கள். 35 செ.மீ. வாக்கிலோ அதற்கு மேலோ புள்ளிகள் கோட்டை விட்டு விலகத் தொடங்கினால் சங்கிலி விளிம்பை விட்டு எழுந்துவிட்டது என்று அர்த்தம். காணொளியில் அந்தப் படத்தை நிறுத்திப் பார்த்தால் விளிம்புக்கும் சங்கிலிக்கும் நடுவே இடைவெளி தெரியும். அதற்குப் பிந்தைய புள்ளிகளைக் கோட்டில் சேர்க்காதீர்கள்.